பார்சி மரணச் சடங்கு: புதிதாக எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் ஒரு நாளிதழின் இரங்கல் அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பார்சி அறிவிப்பு வந்தால் கை தடுமாறும். நானும் அதே இடங்களில் தடுமாறியவன்தான் என்பதால், யார் எங்கே சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பெயரில் எழுத்துப்பிழை, பார்சிகளின் ஜரதுஷ்டிர மதத்தை வேறொரு மதத்தோடு குழப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டாவது வாசிப்பிலேயே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதவைதான் சங்கடம் தருகின்றன.

நாள் கணக்கை நள்ளிரவிலிருந்து தொடங்குவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இந்தத் தவறில்தான்.

பார்சி நாள் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தொடங்குவதில்லை, சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஒரு நாளை ஐந்து பொழுதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கேஹ் என்கிறார்கள். உதயத்திலிருந்து உச்சிவரை ஹாவன், உச்சியிலிருந்து மூன்று மணிவரை ரபித்வன், பிறகு சூரியன் மறையும்வரை உசீரின், அதற்குப்பின் நள்ளிரவுவரை ஐவிஸ்ருத்ரேம். கடைசியாக நள்ளிரவிலிருந்து விடியும்வரை உஷாஹின். இந்த உஷாஹின்தான் ஆளைக் கவிழ்க்கும். நம் கடிகாரத்துக்கு அது மறுநாள்; அவர்கள் கணக்கில் முந்தைய நாளின் கடைசிப் பொழுது.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3.40-க்கு மருத்துவமனையில் இறந்தார். அறிவிப்பு எழுத உட்கார்ந்த பையன் மருத்துவமனைச் சான்றிதழைப் பார்த்தான். அதில் செவ்வாய் என்று இருந்தது. செவ்வாய் முதல் நாள், புதன் இரண்டு, வியாழன் மூன்று. மூன்றாம் நாள் பிற்பகல் உத்தம்ணா சடங்கு, நான்காம் நாள் விடியலில் சஹ்ரோம் சடங்கு என்று அவனுக்கு யாரோ சரியாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே உத்தம்ணா வியாழன் பிற்பகல் நான்கு மணி, சஹ்ரோம் வெள்ளி விடியல் என்று போட்டான். புதன்கிழமைப் பதிப்பில் அப்படியே வந்தது.

3.40 என்பது உஷாஹின். இறந்த நாள் திங்கள். எனவே புதன்தான் மூன்றாம் நாள். அறிவிப்பு அச்சாகி வந்த அன்று பிற்பகலே உத்தம்ணா நடந்து முடிந்தது. வியாழன் விடியலில் சஹ்ரோம் முடித்துவிட்டுக் குடும்பம் வீட்டுக்குத் திரும்பியது. அன்று பிற்பகல் நான்கு மணிக்கு, புனேயிலிருந்து ரயில் ஏறி வந்த நண்பர்கள் மும்பைப் பார்சிகளின் இறுதிச் சடங்கு வளாகமான டுங்கர்வாடியில் போய் நின்றிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் தங்கியிருந்த பங்ளி என்ற சடங்கு வீட்டில் அதற்குள் வேறொரு சாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மகன் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். கோபப்படவில்லை. "அடுத்த வாரம் திருத்தம் போட்டு என்ன சார் பிரயோஜனம்? அப்பாவுக்கு உத்தம்ணா மறுபடியும் நடக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நடக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. உயிர் பிரிந்ததும் ஆன்மா உடனே போய்விடுவதில்லை. மூன்று இரவுகள் இங்கேயே, உடலின் தலைமாட்டருகே இருக்கிறது என்பது நம்பிக்கை. வீடு இடிந்து நிற்கிற ஆளைப் போலத் துணையில்லாமல் இருக்கும் அந்த ஆன்மாவுக்குக் காவல், சரோஷ் என்ற தேவதை. அதனால் அந்த மூன்று நாளும் ஒவ்வொரு கேஹிலும் சரோஷை முன்னிறுத்திப் பிரார்த்தனை நடக்கும். இருட்டியதும் குருமார் சரோஷுக்காக ஆஃப்ரிங்கான் ஓதுவார்கள். உடல் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வீட்டார் இறைச்சி சாப்பிடமாட்டார்கள். மூன்றாம் நாள் உசீரின் பொழுதில் வருவதுதான் உத்தம்ணா. உற்றார் கூடுவதும், இறந்தவர் பெயரில் தர்மங்களை அறிவிப்பதும் அப்போதுதான். அன்றிரவு நள்ளிரவுக்குப் பிறகு ரஷ்ணு, ராம், சரோஷ், அர்தாஃப்ரவஷ் ஆகியோர் பெயரில் நான்கு சடங்குகள் தனித்தனியே நடக்கும். விடிகிற வேளையில் ஆன்மா சின்வத் பாலத்தை அடைகிறது. அங்கே மெஹர், சரோஷ், ரஷ்ணு மூவரும் அதன் செயல்களை எடைபோடுகிறார்கள். சஹ்ரோம் அந்த விடியலுக்கு உரியது. மூன்றாம் நாளிலும் நான்காம் விடியலிலும் ஓதுவதெல்லாம் இந்தத் தீர்ப்புக்குத் துணையாக ஓதுவது. தீர்ப்பு முடிந்த பிறகு அதே உத்தம்ணாவுக்கு இடமேது?

எனவே சான்றிதழில் கிழமையை மட்டும் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். திங்கள் இரவு ஒன்பதுக்கு இறந்தவருக்கும் செவ்வாய் விடியற்காலை 3.40-க்கு இறந்தவருக்கும் சஹ்ரோம் ஒரே வியாழன் விடியலில்தான். செவ்வாய் காலை எட்டு மணிக்கு இறந்தவருக்கு அது வெள்ளி. இறந்தது விடிகிற நேரம், உதயத்துக்கு முன்னா பின்னா என்று சந்தேகம் வந்தால் நாமாக முடிவுகட்டக் கூடாது. சடங்கு நடத்தும் குருவிடம் "எந்த ரோஜ்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மாதத்தின் முப்பது நாளுக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத்தான் ரோஜ் என்கிறார்கள். அவர் ரோஜைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விழுந்துவிடும்.

இன்னொன்று. அரசாங்கக் காகிதத்தில் செவ்வாய், பிரார்த்தனையில் திங்கள். இரண்டுமே சரி. ஒன்றைப் பார்த்து மற்றதைத் 'திருத்தி'விடாதீர்கள். முதலில் தப்பினால் பத்தாம் நாள் தஸ்மோ, மாதத்துக்கு ஒரு முறை வரும் மாசிசோ, ஆண்டுக்கு வரும் வர்சி எல்லாம் சேர்ந்து தப்பும். வர்சியும் ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை. பெரும்பாலான இந்தியப் பார்சிகள் பின்பற்றும் ஷஹன்ஷாஹி நாட்காட்டியில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், கூடுதலாக ஐந்து காதா நாட்கள், மொத்தம் 365. லீப் நாள் கிடையாது. அதனால் அதே ரோஜ் நம் தேதியில் நான்கு வருடத்துக்கு ஒரு நாள் முன்னால் நகரும். பழைய அறிவிப்பைப் பார்த்து ஆண்டு நினைவு அறிவிப்பை நகலெடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கழுகிலிருந்து ஆரம்பிப்பது

"பறவைகளுக்குக் கடைசித் தானமாகத் தன் உடலையே கொடுக்கிறார்கள்." பார்சிகளைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பார்சிகளே கூட இன்று இதைச் சொல்வதுண்டு, தப்பில்லை. ஆனால் காரணம் அது இல்லை.

அவர்கள் இறையியலில் உயிரைப் படைத்தவர் அஹுரா மஸ்தா. மரணம் அவர் அனுப்பியது இல்லை. எதிரியான அங்ரா மைன்யுவின் வேலை. உயிர் போன உடனே நசு என்ற அழிவுச் சக்தி உடலில் ஏறிக்கொள்கிறது. இதில் பலருக்குப் புரியாதது ஒன்று உண்டு. இறந்தவர் எவ்வளவு நல்லவரோ தீட்டு அவ்வளவு கடுமை; நல்ல மனிதர் விழுவது எதிரிக்குப் பெரிய வெற்றி அல்லவா? ஆகவே தீட்டு என்பது இறந்தவருக்கு அவமரியாதை இல்லை.

சரி, நசு ஏறிய உடலை என்ன செய்வது? நெருப்பு, நீர், மண் மூன்றும் படைப்பில் புனிதமானவை. நெருப்பிலிட்டால் நெருப்பு கெடும். புதைத்தால் மண் கெடும். பிணம் புதைத்த நிலம் சுத்தமாக 50 ஆண்டு ஆகும் என்று வெந்திதாத் என்ற மதநூல் சொல்கிறது. மிச்சமிருப்பது வெயிலும், சதையைச் சீக்கிரம் தீர்த்துவிடும் பறவையும். உடலை உயரமான இடத்தில் வை, ஆனால் நாயோ பறவையோ எலும்பை நீருக்கும் செடிகொடிக்கும் இழுத்துப்போகாதபடி கட்டிவை என்று அதே நூல் விதிக்கிறது. அக்கறை எதில் என்று பாருங்கள்.

உடல்களை வைக்கும் இடமான தோக்மாவின் அமைப்பும் அதையே சொல்கிறது. வட்டமான கல் மேடை. வெளி வளையத்தில் ஆண்கள், நடுவில் பெண்கள், உள்ளே குழந்தைகள். நடுவில் பண்டார் என்ற ஆழக் கிணறு. காய்ந்த எலும்புகள், பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி, அதில் போய்ச் சேரும். மழைநீர் கரியும் மணலும் வழியாக வடிந்துதான் வெளி மண்ணைத் தொட வேண்டும். உடலைத் தூக்கிப்போவது இரும்புப் பாடையில். மரம் தீட்டை உறிஞ்சும் என்பதால் மரப்பாடை ஆகாது. உடலைத் தொடுவதும் அதற்கென்றே இருக்கிற நசேசாலார்கள் மட்டும். கழுகிலிருந்து தொடங்கினால் இதில் ஒன்றுமே விளங்காது.

"கழுகு இல்லை, சடங்கும் முடிந்தது"

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தால் 1990-களில் கழுகுகள் மடிந்தன. அந்தக் கால்நடை மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது, கழுகுகள் திரும்பவில்லை. டுங்கர்வாடியில் வெயிலைக் குவிக்கும் தகடுகளை வைத்திருக்கிறார்கள். மழைக்கால மேகத்தில் அவை வேலை செய்யாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு நாள் பிரார்த்தனைக்கும் கழுகுக்கும் சம்பந்தமில்லை. பறவை உடலுக்கு, பிரார்த்தனை ஆன்மாவுக்கு.

தகனம் செய்தவரை மதம் விட்டவர் என்பது

2024 அக்டோபரில் ரத்தன் டாடாவின் உடல் வர்லியில் தகனம் செய்யப்பட்டபோது, அவர் மதத்தை விட்டவர் என்று சிலர் எழுதி அனுப்பினார்கள். தகனத்தைத் தேர்ந்தெடுக்கும் பார்சிக் குடும்பங்கள் பிரார்த்தனைகளை நடத்துவதற்கென்றே வர்லியில் 2015 முதல் ஒரு மண்டபம் இருக்கிறது. பழமைவாதக் குருமார் இதை ஏற்பதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு நம் வேலை இல்லை.

எல்லா ஊரிலும் தோக்மா இருப்பதாக நினைப்பது

சென்னை இராயபுரத்தில் 1910-லிருந்து பார்சிக் கோயில் இருக்கிறது; தோக்மா இல்லை. இறந்தவர்களை அடக்கம்தான் செய்கிறார்கள். ஈரானிலும் கடந்த நூற்றாண்டில் தோக்மாவைக் கைவிட்டு, மண்ணில் படாதபடி சிமென்ட் பூசிய குழிகளுக்கு மாறிவிட்டார்கள்.

முகம் பார்க்கத் தாமதமாகப் போவது

சச்கார் எனும் குளிப்பாட்டும் சடங்குக்குப் பின் பார்சி அல்லாதவருக்கு உடலைக் காட்டமாட்டார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முன் போக வேண்டும். அப்புறம் தனியாகப் போட்டிருக்கும் இருக்கையில் அமரலாம்.

நாயை விரட்டுவது

அது சக்தீத் சடங்குக்காக அழைத்துவரப்பட்ட நாய். பிணத்தை அது பார்க்க வேண்டும்.

இரவில் இறுதி ஊர்வலம் என்று போடுவது

கிடையாது. பகலில் மட்டும்.

படம் கேட்பது

கேட்காதீர்கள்.