பூஜ்ஜியமா, ஓவா?

பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் பட்டியல் எனக்கு ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வந்தது. 32 பேர், ஐந்து பாடம். படத்திலிருந்து எழுத்துகளைக் காப்பி செய்து கூகுள் ஷீட்டில் ஒட்டினேன். C முதல் G வரை பாடங்கள், H-ல் கூட்டல், I-ல் ரேங்க்.

```
=SUM(C2:G2)
=RANK(H2,H$2:H$33)
```

452 எடுத்த பையன் முதலிடம். எப்போதும் முந்தி நிற்கும் மாணவியோ 379-உடன் எங்கோ கீழே கிடந்தாள். எனக்கு உறுத்தியது. அவள் வரிசையைப் பார்த்தேன்: 96, 91, 98, 8O, 94. அறிவியலில் 80-இன் பூஜ்ஜியம் ஆங்கில ஓ-வாகப் பதிவாகியிருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மற்ற எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இது மட்டும் இடப்பக்கம் நின்றது. எழுத்து என்பதால் SUM சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டது. திருத்தியதும் 459, அவள்தான் முதல்.

அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் `=COUNT(C2:C33)` போட்டுப் பார்த்தேன். 32-க்குக் குறைந்தால் ஏதோ எழுத்தாக இருக்கிறது என்று அர்த்தம். அறிவியலில் 31 வந்தது. ஒருவருக்கு AB, அதாவது தேர்வுக்கே வரவில்லை. அதை அப்படியே விட்டேன். பூஜ்ஜியம் போட்டால் வகுப்பின் சராசரி வீணாகக் குறையும். 68.4 என்று காட்டிய `AVERAGE`, அந்த 80 சேர்ந்ததும் 68.8 ஆனது.

3 என்று சரியாகப் படிக்கப்படாமல் 8 ஆகிவிட்டால் COUNT காட்டிக்கொடுக்காது. படத்தில் அச்சாகியிருந்த மொத்தத்தோடு H-ஐ ஒப்பிட்டுத்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.