ட்ரையாஜ் கிறுக்கலை ரெக்கார்டா மாத்துறப்ப

அவசரப் பிரிவுல யாருக்கு எவ்வளவு அவசரம்னு கலர் போட்டுப் பிரிக்கிற ட்ரையாஜ்ல, துண்டுச்சீட்டுல கிறுக்குனதை டேபிள்ல ஏத்துறப்ப எல்லாரும் ஒரு பேஷன்ட்டுக்கு ஒரே வரின்னு போட்டுடுறாங்க, அங்கதான் தப்பு ஆகுது. ஒவ்வொரு தடவை பார்த்ததுக்கும் தனி வரி போடுங்க.

உதாரணத்துக்கு சீட்டுல "நெஞ்சு வலி, 22:40, பிபி 130/80, பல்ஸ் 96, மஞ்சள்"னு இருக்கு, அப்புறம் மஞ்சளை அடிச்சுட்டு மேல "சிவப்பு, 90/60, 124, 23:05", ஓரத்துல "டாக்டர் 23:08". இதை ஒரே வரியில சிவப்பு, 22:40, 23:08னு எழுதுனா சிவப்பு பேஷன்ட் 28 நிமிஷம் காத்திருந்த மாதிரி தெரியும், உண்மையில சிவப்பு ஆனதுக்கப்புறம் 3 நிமிஷத்துல டாக்டர் பார்த்துட்டாரு. ரெண்டு வரியா இருந்தாதான் பிபி எப்ப இறங்குச்சுன்னும் புரியும்.

நேரத்துக்கும் ரெண்டு கட்டம் வேணும், ட்ரையாஜ் பண்ண நேரம் ஒண்ணு, டாக்டர் பார்த்த நேரம் ஒண்ணு. 24 மணி நேரக் கணக்குலயே எழுதுங்க, நைட் டியூட்டின்னா தேதியும் சேர்த்து.

இந்த சீட்டுல ஆக்சிஜன் சாச்சுரேஷனே இல்ல பாருங்க, அந்தக் கட்டத்துல "சீட்டுல இல்ல"ன்னு போடுங்க, தயவுசெஞ்சு 98ன்னு ஊகிச்சு நிரப்பாதீங்க. வெறுமனே விட்டாலும் சீட்டுல இருந்ததை ஏத்த மறந்தாங்களா, சீட்டுலயே இல்லையான்னு பின்னாடி பார்க்குறவங்களுக்குத் தெரியாது. ஒரிஜினல் சீட்டையும் கிழிச்சுப் போடாம ஃபைல்லயே வைங்க.