பயண நிரலை மாற்றியது அவர்கள்: திருகோணமலை பக்கேஜின் முற்பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் அறை கிடைப்பது கஷ்டமாகிவிடும். ஊரில் உள்ள முகவர் உங்களுக்கு விற்ற பக்கேஜில் ஹோட்டலின் பெயர் இருந்தாலும், அறையை அவர் உறுதிசெய்யாமலே விற்றிருக்கலாம். அப்புறம் பயணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும்: "அண்ணா, நிரலில் ஒரு சின்ன மாற்றம்."

அந்த மாற்றம் பிடிக்காதவர்கள் கோபத்தில் "அப்படியென்றால் கான்சல் பண்ணுங்கோ" என்று பதில் போட்டுவிடுகிறார்கள். பணம் போவது அந்த இடத்தில்தான். பதிவு நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு தனித்தனிப் பந்திகள் இருக்கும். வாடிக்கையாளர் தானாக இரத்துச் செய்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பது ஒன்று. நிறுவனம் பயணத்தைப் பெரிதாக மாற்றினால் வாடிக்கையாளருக்கு என்ன உரிமை என்பது மற்றொன்று. முதலாவதில் கழிவு உண்டு. இரண்டாவதில் பொதுவாக முழுப் பணமும் திரும்ப வரும். நீங்கள் எந்தப் பந்தியின் கீழ் விலகுகிறீர்கள் என்பதை உங்கள் முதல் பதிலே தீர்மானித்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். நான்கு பேர் கொண்ட குடும்பம், ஐந்து நாள் பக்கேஜ், மொத்தம் 400,000 ரூபா, முற்பணம் பாதி. கட்டுநாயக்காவில் இருந்து வேன், நிலாவெளியில் கடற்கரை ஹோட்டலில் மூன்று இரவுகள், புறாமலைக்குப் படகு, கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, கடைசி இரவு கொழும்பில். பயணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது மாற்றம் வருகிறது: நிலாவெளியில் ஓர் இரவு மட்டும், மற்ற இரண்டும் தம்புள்ளையில், புறாமலை இல்லை.

நிபந்தனைகளின் 7ஆம் பந்தி, பயணத்துக்கு 15 முதல் 29 நாட்களுக்கு முன் வாடிக்கையாளர் இரத்துச் செய்தால் மொத்தத்தில் 50 வீதம் கழிக்கப்படும் என்கிறது. 400,000இல் பாதி 200,000. அதாவது கட்டிய முற்பணம் முழுவதும் போய்விடும். 9ஆம் பந்தியோ, நிறுவனம் முக்கியமான மாற்றம் செய்தால் வாடிக்கையாளர் அதை ஏற்கலாம், அல்லது விலகி முழுப் பணத்தையும் பெறலாம் என்கிறது. அப்படியானால் அதே 200,000 முழுதாகத் திரும்ப வரவேண்டும். முகவர் 7ஐத்தான் காட்டுவார். நீங்கள் 9ஐக் காட்ட வேண்டும்.

அடுத்து, எது முக்கியமான மாற்றம் என்ற கேள்வி வரும். எதற்காக அந்தப் பக்கேஜை வாங்கினீர்களோ, அதில் கைவைத்தால் அது முக்கியமான மாற்றம். கோணேசர் கோவிலுக்குக் காலையில் போவதற்குப் பதில் மாலையில் போவதற்கெல்லாம் முழுப் பணம் கேட்க முடியாது. வேறு வேன், வேறு ட்ரைவர், கன்னியாவை ஒரு நாள் தள்ளுவது, இவையும் சின்னவைதான். ஆனால் கோவில் தேருக்காகவே வருகிறீர்கள், தேர் நாளன்று உங்களைச் சிகிரியாவில் வைத்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய மாற்றம். ஆகவே பதிவு செய்யும்போதே வருகையின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு வாய்ச்சொல்லால் நிறுவுவது சிரமம்.

கடலைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அலை கூடிய நாளில் புறாமலைக்குப் படகு விடமாட்டார்கள். அது முகவரின் குற்றமல்ல. வானிலையால் நிரல் மாறலாம் என்று நிபந்தனையிலும் எழுதியிருப்பார்கள். அன்று கேட்கக்கூடியது படகுக் கூலியும் நுழைவுச் சீட்டுப் பணமும்தான். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் டிசம்பரில் புறாமலையை நம்பிப் பதிவு செய்துவிட்டு, படகு போகவில்லை என்று முழுப் பணம் கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள். எங்கள் உதாரணத்தில் புறாமலை விடுபட்டது ஹோட்டல் அறை இல்லாததால். இருபது நாள் முன்கூட்டியே யாருக்கும் அலை தெரியாது. மாற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்பது இதற்காகத்தான்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம். 4ஆம் திகதி நீங்கள் அனுப்பிய புதிய நிரலில் நிலாவெளித் தங்கல் மூன்று இரவிலிருந்து ஒன்றாகக் குறைந்துள்ளது, புறாமலைப் பயணம் நீக்கப்பட்டுள்ளது. இவை நாங்கள் பதிவு செய்த பயணத்தின் முக்கிய பகுதிகள். இம்மாற்றத்தை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் நிபந்தனைகளின் 9ஆம் பந்தியின்படி ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம். கட்டிய 200,000 ரூபாவை, பணம் வந்த அதே கணக்குக்கு 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்."

"இரத்துச் செய்கிறேன்" என்று மொட்டையாக எழுத வேண்டாம். தொலைபேசியில் "சரி, பார்ப்பம்" என்று சொல்வதும், செய்திக்குக் கட்டைவிரல் காட்டுவதும் சம்மதமாக எடுக்கப்படலாம். இத்தனை நாளுக்குள் பதில் இல்லையென்றால் ஏற்றதாகக் கருதப்படும் என்று சில நிபந்தனைகள் சொல்லும், ஆகவே மௌனமாகவும் இருக்கக்கூடாது. "அடுத்த வருஷம் வாங்கோ அண்ணா, காசு எங்களிட்டயே இருக்கட்டும்" என்பார்கள். விருப்பமென்றால் சரி, ஆனால் அதை ஏற்றபின் பணமாகக் கேட்பது கடினம். பழைய நிரலையும் இணையப் பக்கத்தையும் உடனே படம் பிடித்து வையுங்கள், அவை மாற்றப்படலாம்.

நிபந்தனையில் 9 போன்ற பந்தியே இல்லை, "நிறுவனம் எதையும் மாற்றலாம்" என்று மட்டும் இருந்தால்? இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. அச்சடித்த நிபந்தனை என்பதற்காக அதுவே கடைசிச் சொல் ஆகிவிடாது.

பக்கேஜை லண்டனில் உள்ள நிறுவனம் விற்றிருந்தால் உங்கள் நிலை இன்னும் பலமானது. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுப் பக்கேஜ் பயண ஒழுங்குவிதிகளின்படி, முக்கிய மாற்றத்தை ஏற்காதவர் கட்டணம் எதுவுமின்றி விலகலாம், பணம் 14 நாட்களுக்குள் வரவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதே மாதிரி விதிதான். ஆனால் லண்டன் கடைக்காரர் "நான் பணத்தை வாங்கி ஊருக்கு அனுப்பியவன் மட்டும்" என்று சொல்லலாம். பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

முகவர் மறுத்தால் வங்கிக்குப் போகலாம். பிரித்தானியக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பக்கேஜுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் பொறுப்பு. விற்றவர் வெளிநாட்டில் இருந்தாலும் இது பொருந்தும். முற்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும். டெபிட் கார்டில் அந்தச் சட்டம் இல்லை, வங்கி மூலம் பணத்தைத் திரும்ப இழுக்கக் கேட்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. மைத்துனரின் கணக்குக்கு அனுப்பி அவர் காசாகக் கட்டியிருந்தால் இந்த வழி இரண்டும் அடைபட்டுவிடும்.

இலங்கைக்குள் முறையிட இரண்டு இடங்கள். முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்றவர் என்றால் அங்கே எழுதலாம், அவசர இலக்கம் 1912. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. அங்கே சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விமானச் சீட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பணம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே விலகும் செய்தியை அனுப்பும் முன், அதே திகதிகளுக்கு நிலாவெளியில் வேறு அறை கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.