ஒரு வருடம் கழித்து டாலர் என்ன விலை? வட்டியை வைத்து ஒரு விடை, பணவீக்கத்தை வைத்து இன்னொரு விடை

சி.ஏ., சி.எம்.ஏ., எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் என்று எதைப் படித்தாலும் அந்நியச் செலாவணிப் பாடத்தில் இந்தக் கணக்கு வந்தே தீரும். இரண்டு நாட்டு வட்டி விகிதம், இரண்டு நாட்டுப் பணவீக்கம், இன்றைய ஸ்பாட் விலை எல்லாம் கொடுத்துவிட்டு ‘ஒரு வருடம் கழித்து மாற்று விகிதம் என்னவாக இருக்கும்?’ என்று கேட்பார்கள். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். தடுமாறுவது எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்பதிலும், வந்த விடைக்கு என்ன பொருள் என்பதிலும்தான்.

ஒரே கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சென்னை பெரியமேட்டில் தோல் பை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் உள்ள வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வருடம் கழித்து 1,00,000 டாலர் வர வேண்டும். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

```
ஸ்பாட்                  : 1 டாலர் = ரூ. 84.00
வட்டி (ஆண்டுக்கு)       : இந்தியா 6.5%, அமெரிக்கா 4.5%
பணவீக்கம் (ஆண்டுக்கு)   : இந்தியா 5%, அமெரிக்கா 2.5%
```

படி 1: விலை எந்தப் பக்கம் சொல்லப்பட்டிருக்கிறது?

‘1 டாலருக்கு இத்தனை ரூபாய்’ என்றால் டாலர்தான் சரக்கு, ரூபாய் அதன் விலை. விலை எந்த நாணயத்தில் இருக்கிறதோ அந்த நாட்டின் எண் பின்னத்தின் மேலே போகும், சரக்கான நாணயத்தின் எண் கீழே போகும். வட்டிக்கும் இதுதான், பணவீக்கத்துக்கும் இதுதான். ஜப்பானிய யென் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். நம் ஊரில் அதை 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் சொல்வார்கள்.

படி 2: வட்டி விகிதச் சமநிலை

சூத்திரத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். கையில் 84,00,000 ரூபாய் இருக்கிறது. அதை இங்கேயே 6.5 சதவீதத்தில் போட்டால் வருடக் கடைசியில் 89,46,000 ரூபாய். அதே பணத்தை இன்றே டாலராக மாற்றினால் 1,00,000 டாலர். அதை 4.5 சதவீதத்தில் போட்டால் 1,04,500 டாலர். இரண்டு வழியிலும் ரிஸ்க் ஒன்றுதான் என்றால் கடைசியில் கையில் நிற்கும் தொகையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அன்றைக்கு ஒரு டாலரின் விலை:

```
89,46,000 / 1,04,500 = 85.61
```

சூத்திரமும் இதையேதான் சுருக்கிச் சொல்கிறது:

```
F = 84 × 1.065 / 1.045 = 85.61
```

இந்த F-தான் ஃபார்வர்ட் விலை, அதாவது பின்னொரு நாளில் மாற்றிக்கொள்ள இன்றே பேசிவைக்கும் விலை. வட்டி அதிகமுள்ள நாணயம் ஃபார்வர்டில் மலிவாக இருக்கும். விடையைச் சரிபார்க்க இந்த ஒரு வரி போதும். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டவருக்கு 82.42 வரும். ரூபாய் வட்டியும் அதிகம், வருடக் கடைசியில் ரூபாய் மதிப்பும் கூடுதல் என்றால் உலகமே இங்கே வந்து டெபாசிட் போட்டுவிடும். அந்த விடை நிற்காது.

படி 3: காலம்

மதிப்பெண் அதிகம் போவது இந்த இடத்தில்தான். 6.5, 4.5 இரண்டும் ஆண்டு வட்டி. கேள்வி 6 மாதத்துக்கு என்றால் பாதியாக்கிவிட்டுத்தான் சூத்திரத்தில் போட வேண்டும்:

```
84 × 1.0325 / 1.0225 = 84.82
```

தேர்வில் மாதத்தை 12-ஆல் வகுத்தால் போதும். வங்கியின் டீலிங் ரூமில் அப்படியில்லை. டாலர் வட்டிக்கு வருடம் 360 நாள், ரூபாய் வட்டிக்கு 365 நாள் என்பது சந்தை வழக்கம். 90 நாள் ஃபார்வர்டை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால் 84.42 என்றும் 84.40 என்றும் வரும். இரண்டு பைசாதானே என்று தோன்றும். 1,00,000 டாலருக்கு அது கிட்டத்தட்ட 1,850 ரூபாய். பெரிய தொகைகளைக் கையாளும் டீலர் இதை விட்டுவிட மாட்டார்.

படி 4: வாங்கும் திறன் சமநிலை

பின்னத்தின் வடிவம் அதேதான். வட்டி இருந்த இடத்தில் பணவீக்கம் வருகிறது:

```
84 × 1.05 / 1.025 = 86.05
```

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் வேறு. சுவீடன் பொருளியலாளர் குஸ்தாவ் காசெல் முதல் உலகப் போர்க் காலத்தில் இதை வலியுறுத்தினார். ஒரு நாட்டில் விலைவாசி வேகமாக ஏறினால் அந்த நாட்டுப் பணத்தின் வாங்கும் திறன் குறைகிறது, மாற்று விகிதமும் அதற்கேற்ப இறங்க வேண்டும் என்பது வாதம். பெரியமேட்டில் ஒரு பையின் அடக்கவிலை 5 சதவீதம் ஏறி, டாலர் அதே 84-ல் நின்றால், டாலரில் அந்தப் பை 5 சதவீதம் விலை கூடிவிடும். அமெரிக்காவில் பொதுவாக விலை ஏறியதோ 2.5 சதவீதம்தான். அந்த வாடிக்கையாளர் வேறு ஊரைத் தேடுவார், இங்கே வரும் டாலர் குறையும், டாலர் விலை ஏறும்.

கேள்வி 3 வருடத்துக்கு என்றால் பின்னத்தை மூன்று முறை பெருக்குங்கள். 5-லிருந்து 2.5-ஐக் கழித்து மூன்றால் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம்.

```
84 × (1.05 / 1.025)^3 = 90.30
```

படி 5: 85.61-ஆ, 86.05-ஆ?

எந்த வகுப்பிலும் ஒருவர் எழுந்து இதைக் கேட்பார்: “சார், ரெண்டுல எது கரெக்ட்?” இரண்டு எண்களும் ஒரே ஜாதி இல்லை என்பதுதான் பதில்.

85.61 கணிப்பே இல்லை. அது இன்றைக்கே பூட்டிவைக்கக்கூடிய விலை. ஏற்றுமதியாளர் வங்கியில் ஃபார்வர்ட் புக் செய்தால், டாலர் பின்னால் 80-க்கு இறங்கினாலும் 90-க்கு ஏறினாலும் அவருக்குக் கிடைப்பது அந்த விலைதான். 86.05 ஒரு அனுமானம். அதை யாரும் உங்களுக்கு உத்தரவாதமாகத் தர மாட்டார்கள்.

ஆகவே கேள்வியில் ‘ஃபார்வர்ட் விலை என்ன’ என்றிருந்தால் வட்டியை எடுங்கள். பணவீக்கத்தை மட்டும் கொடுத்து ‘எதிர்பார்க்கும் ஸ்பாட் விலை’ என்று கேட்டிருந்தால் பணவீக்கத்தை எடுங்கள். இரண்டையும் கொடுத்திருந்தால் எந்தச் சமநிலையை வைத்துப் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் நடுவே 44 பைசா ஏன்? பணவீக்கம் போக மிஞ்சும் உண்மை வட்டி இந்தியாவில் 1.065/1.05, அதாவது சுமார் 1.43 சதவீதம். அமெரிக்காவில் 1.045/1.025, சுமார் 1.95 சதவீதம். இந்த இரண்டும் சமமாக இருந்திருந்தால் இரு விடைகளும் பைசா பிசகாமல் ஒன்றாகியிருக்கும்.

படி 6: சந்தை விலை 85.61 இல்லை என்றால்

கேள்வியின் அடுத்த பாகம் பெரும்பாலும் இதுதான்: ‘வங்கி 86.20 என்று ஃபார்வர்ட் தருகிறது. லாபம் பார்க்க முடியுமா?’ ஃபார்வர்டில் டாலர் இருக்க வேண்டியதைவிட விலை அதிகம். விலை அதிகமாக இருக்கும் இடத்தில் விற்க வேண்டும். விற்க டாலர் வேண்டும், அதை இன்றே வாங்க ரூபாய் வேண்டும். வரிசை தானாக வந்துவிடுகிறது:

```
கடன் ரூ. 84,00,000 → 1,00,000 டாலர்
4.5% டெபாசிட்      → 1,04,500 டாலர்
86.20-க்கு விற்பனை → ரூ. 90,07,900
கடன் + வட்டி       → ரூ. 89,46,000
லாபம்              → ரூ. 61,900
```

தாளில் இது சுலபம். நிஜத்தில் கடன் வாங்கும் வட்டியும் டெபாசிட் வட்டியும் ஒன்றாக இருக்காது, வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறு வேறு. கடன் வட்டி 6.5-க்குப் பதிலாக 7.25 ஆனாலே திருப்பித் தர வேண்டியது 90,09,000 ரூபாய் ஆகிவிடும், லாபம் போய் 1,100 ரூபாய் நஷ்டம் நிற்கும். போதாக்குறைக்கு ரூபாயை எல்லை தாண்டி இஷ்டத்துக்குக் கொண்டுபோக இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் நம் ஃபார்வர்ட் பிரீமியம், அதாவது ஸ்பாட்டைவிட ஃபார்வர்ட் விலை எவ்வளவு கூடுதல் என்பது, வட்டி வித்தியாசத்தோடு அச்சாக ஒட்டிப்போவதில்லை. விற்கும் ஏற்றுமதியாளர், வாங்கும் இறக்குமதியாளர், நடுவில் ரிசர்வ் வங்கி என்று மூன்று பேரின் கையும் அதில் இருக்கிறது. 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 500 கோடி டாலரை ஸ்பாட்டில் வாங்கி, 3 வருடம் கழித்துத் திருப்பி விற்கும் ஸ்வாப் ஏலம் நடத்தியது. ஃபார்வர்டில் டாலர் விற்பவர் ஒருவர் கூடினால் பிரீமியம் இறங்கத்தான் செய்யும்.

பணவீக்கக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

2022-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த டிசம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி ஆண்டுப் பணவீக்கம் இந்தியாவில் சுமார் 5.7 சதவீதம், அமெரிக்காவில் சுமார் 6.5 சதவீதம். அதிசயமாக அங்கேதான் அதிகம். வருடம் ஆரம்பிக்கும்போது டாலர் சுமார் 74.30. வாங்கும் திறன் சமநிலைப்படி அது 73.74-க்கு இறங்கியிருக்க வேண்டும். வருடம் முடியும்போது இருந்ததோ சுமார் 82.70.

அந்த வருடம் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 4.25–4.50 சதவீதத்துக்கு ஏற்றியது. முதலீட்டுப் பணம் டாலரைத் தேடிப் போனது. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறி, நமக்கு டாலர் செலவும் கூடியது. ஒரு வருடத்துக்குள் விகிதத்தை அசைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பணப்போக்குதான், சரக்கின் விலை இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: குறியீட்டில் மயிலாப்பூர் வீட்டு வாடகையும் இருக்கிறது, முடிவெட்டும் கூலியும் இருக்கிறது. இவற்றைக் கப்பலில் ஏற்ற முடியாது. அவை ஏறினாலும் டாலருக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது.

ஆகவே பெரியமேட்டு நிறுவனத்தின் கணக்காளர் வரும் வருடத்து 1,00,000 டாலருக்கு பட்ஜெட்டில் எழுத வேண்டியது ஃபார்வர்ட் விலை, அதாவது வங்கி உண்மையில் தரும் எண். வாடிக்கையாளர் 3 வருடத்துக்கு ஒரே டாலர் விலையில் ஒப்பந்தம் கேட்டால், அப்போது 90.30-க்கு வேலை வரும். ரூபாயில் தன் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும்போது டாலர் அந்த அளவுக்காவது வந்தால் மார்ஜின் எவ்வளவு மிஞ்சும், 84-லேயே நின்றுவிட்டால் எவ்வளவு கரையும் என்று இரண்டு பத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லலாம்.