காலில் ரத்த ஓட்டம் நிற்கும் பர்ஜர் நோய்: பீடியைக் 'குறைப்பவர்கள்' செய்யும் தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பீடிக்குப் பஞ்சம் இல்லை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தில் இலையும் தூளும் இருக்கும். அதனாலோ என்னவோ, இங்கே பீடி குடிப்பது ஒரு பழக்கமாகவே கணக்கில் வருவதில்லை. "எனக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது, பீடி மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே விரல் கறுத்த காலை நீட்டுகிறார்கள். அவர்களுக்கு வயது பெரும்பாலும் நாற்பதுக்குள்தான் இருக்கும்.

இதற்குப் பெயர் பர்ஜர் நோய். லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908-ல் இதை விரிவாக எழுதினார். சர்க்கரை, கொழுப்பு, முதுமை எதுவும் இல்லாமலே கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். பெண்களுக்கும் வரும், ஆனால் குறைவு. புகையிலை இல்லாதவரிடம் இதைப் பார்ப்பது மிக அரிது.

நயினார்குளம் மார்க்கெட் மாதிரி ஓர் இடத்தில் மூட்டை தூக்கும் 34 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஓர் ஆளாகச் சொல்கிறேன். 16 வயதில் பீடி பிடித்தவர், இப்போது நாளுக்கு இரண்டு கட்டு. முதலில் நடந்தால் உள்ளங்கால் வளைவில் பிடித்து இழுத்தது. நின்றால் சரியாகிவிடும். செருப்பு சரியில்லை என்று நினைத்தார். இதுதான் முதல் தவறு. மற்ற ரத்தக்குழாய் அடைப்பில் பெரும்பாலும் கெண்டைக்கால்தான் வலிக்கும். இந்த நோய் நுனியிலிருந்து தொடங்குவதால் பாதத்தின் வளைவிலேயே வலி வரும். இளவயதுக்காரருக்கு இப்படி வந்தால் செருப்பை மாற்றுவதற்கு முன் பாதத்தில் நாடியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் காலில் தோலுக்கடியில் ஒரு ரத்தக்குழாய் கயிறு மாதிரி சிவந்து வலித்தது. சில நாளில் அது தணிந்து வேறோர் இடத்தில் கிளம்பியது. அதுவும் இந்த நோயின் அடையாளம்தான். ஆனால் வலி ஊசியும் சத்து ஊசியும் போட்டுக்கொண்டார். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. 'சுகர் இல்லை' என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. கடைசியில் நகம் வெட்டிய இடத்தில் பெருவிரலில் சின்னப் புண் வந்து ஆறவே இல்லை. இரவில் வலி தாங்காமல் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே இருந்தார். தொங்கவிட்டால் பாதம் செக்கச் சிவந்துவிடும், தூக்கினால் வெளுத்துவிடும்.

அப்போதுதான் அறுவை மருத்துவரிடம் வந்தார். தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னும் நாடி நன்றாக அடித்தது. கணுக்காலின் உள்பக்கத்திலும் பாதத்தின் மேலும் இல்லை. மருத்துவர் கையையும் பார்த்தார். முஷ்டியை இறுக்கச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத் தமனியை மட்டும் விட்டார். சில நொடிகளில் சிவக்க வேண்டிய கை அப்படியே வெளுத்துக் கிடந்தது. கையில் வலியே இல்லாதவருக்கும் அங்கே அடைப்பு தொடங்கியிருந்தது. காலில் புண்ணோடு வரும் இளைஞருக்குக் கையையும் சோதிப்பது இதற்காகத்தான். பிறகு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் ஆஞ்சியோகிராமும் எடுத்து, வேறு காரணங்களை நீக்கி, நோயை உறுதி செய்தார்கள்.

எல்லாரும் கேட்கும் கேள்வி: "ஆபரேஷன் பண்ணி அடைப்பை எடுத்துட்டா சரியாப் போயிடாதா?" இங்கேதான் பெரிய ஏமாற்றம். தாமிரபரணிக் கால்வாயில் மேல்மடை வரை தண்ணீர் நிறைய வருகிறது, கடைமடை முழுக்கத் தூர்ந்திருக்கிறது என்று வையுங்கள். புது வாய்க்கால் வெட்டினாலும் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் இல்லை. பைபாஸுக்கும் ஸ்டென்டுக்கும் அதே கதைதான். மருந்துகள் வலியைத் தணிக்கலாம், புண் ஆற உதவலாம், நோயை நிறுத்தாது.

நிறுத்துவது ஒன்றே ஒன்று: புகையிலையை முழுசாக விடுவது. 'குறைப்பது' இதில் சேராது. நம் ஆள் இரண்டு கட்டிலிருந்து நாளுக்கு நாலு பீடிக்கு வந்தார். மற்ற நோய்களில் குறைத்ததற்கு ஏதோ கொஞ்சம் பலன் இருக்கலாம். இங்கே நோய் எரிந்துகொண்டே இருக்க நாளுக்கு ஒன்றிரண்டு போதும். இது படிப்படியாகக் கொழுப்பு சேரும் அடைப்பு இல்லை, புகையிலைக்கு எதிராகக் குழாயில் கிளம்பும் அழற்சி. அளவு குறைந்தாலும் தூண்டுதல் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், விரல் அழுகத் தொடங்கும் முன் முழுசாக விட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உறுப்பை வெட்ட வேண்டி வரவில்லை. தொடர்ந்து குடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் விரலையோ காலையோ இழந்தார்கள்.

பீடியை விட்டுவிட்டு சிகரெட்டுக்கு மாறுவது, வாயில் புகையிலை அடக்குவது, மூக்குப்பொடி போடுவது எல்லாம் அதே தவறுதான். இன்னொன்று படித்தவர்கள் செய்வது: நிகோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும். மற்ற புகைப்பவர்களுக்கு அவை நல்ல உதவி. இந்த நோயில் அவையும் அழற்சியை உயிரோடு வைத்திருக்கும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். நிகோட்டின் இல்லாத புப்ரோபியான், வரெனிக்ளின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். வீட்டம்மா பீடி சுற்றுகிறார் என்றால், நோயாளி அந்த முறத்துப் பக்கம் போய்த் தூள் அள்ளிக் கொடுக்கக்கூடக் கூடாது. கைவழியாகவும் நிகோட்டின் ஏறும், கை அருகிலேயே பீடி இருக்கும்.

நம் ஆள் ஆறு மாதம் கழித்து இரண்டாவது விரல் கறுத்து வந்தார். "விட்டுட்டேன் சார்" என்றார். சிறுநீரில் கோட்டினின் பார்த்தார்கள். நிகோட்டினை உடல் உடைக்கும்போது வருவது அது, கடைசியாகக் குடித்துச் சில நாள் வரை காட்டும். இருந்தது. பொய் சொன்னதற்காகத் திட்டுவதில் பயனில்லை, இது பழக்கத்தின் பிடி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஒரேயடியாக நிறுத்தினார். சில வாரத்தில் இரவு வலி தணிந்தது. புண் ஆறப் பல மாதம் ஆனது. கறுத்த விரல் திரும்பவில்லை, அதை எடுக்க வேண்டி வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

இதற்கிடையே கால் பராமரிப்பிலும் சறுக்குகிறார்கள். குளிர்ந்த காலுக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் வைத்தால், ரத்தமில்லாத தோல் எளிதில் வெந்துவிடும். பருத்திக் காலுறை போதும். காய்ப்பைப் பிளேடால் சீவுவது, வெறுங்காலோடு வயலில் இறங்குவது, புண்ணில் கண்ட பச்சிலையை வைத்துக் கட்டுவது வேண்டாம். விரல் திடீரென்று கறுத்தாலோ, புண்ணில் நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.