ஒரே தொகை இருமுறை பிடிக்கப்பட்டால்: கடையிடம் கேட்பதா, வங்கியிடம் முறையிடுவதா?

கார்டு கணக்கில் ஒரே கடையின் பெயரும் ஒரே தொகையும் இரண்டு வரிகளில் தெரிந்ததும், பெரும்பாலோர் உடனே வங்கிச் செயலியைத் திறந்து புகார் பதிந்துவிடுகிறார்கள். முதல் தவறு இந்த அவசரம்தான். இரண்டு வரிகளில் ஒன்று இன்னும் ‘நிலுவையில்’ என்ற குறிப்புடன் இருந்தால், அந்தப் பணம் கடைக்குப் போய்ச் சேரவில்லை. கடை அனுமதி கேட்டதால் வங்கி அதை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறது. பணம் செலுத்தும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டு, மறுமுறை முயன்று வெற்றி பெற்றால், முதல் முயற்சிக்கான ஒதுக்கீடு இப்படி நின்றுவிடுவதுண்டு. கடை அதை வசூலிக்கக் கோராவிட்டால், பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே விடுவிக்கப்பட்டுவிடும். தங்கும் விடுதி, வாடகைக் கார் போன்றவற்றில் மட்டும் இது வாரக்கணக்கில் நீடிக்கலாம். நிலுவையில் உள்ள பிடித்தத்துக்கு எதிரான முறையீட்டைப் பல வங்கிகள் ஏற்பதுமில்லை. ஆகவே, இரண்டு வரிகளும் உறுதியான பதிவுகளாக மாறிவிட்டனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, தொகை ஒன்றாக இருப்பதையே இரட்டிப்புக்குச் சான்றாகக் கொள்வது. ஒருவர் இணையக் கடையில் 1,840 மதிப்புள்ள பொருளை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் செலுத்தும் பக்கம் சுழன்றுகொண்டே இருந்ததால் அவர் பொத்தானை மீண்டும் அழுத்துகிறார்; சில நாட்களில் 1,840 இருமுறை பதிவாகிறது. இங்கே அவர் முதலில் தேட வேண்டியது தன் மின்னஞ்சலில் வந்துள்ள ஆர்டர் எண்ணை. எண் ஒன்றே ஒன்றாக இருந்து பணம் மட்டும் இருமுறை போயிருந்தால், அது உண்மையான இரட்டைப் பிடித்தம். ஆர்டர் எண்கள் இரண்டாக இருந்தாலோ, கடையின் பார்வையில் இவை இரண்டு தனித்தனி விற்பனைகள். இரண்டு பொட்டலங்கள்கூட வந்து சேரக்கூடும். அப்போது செய்ய வேண்டியது இரண்டாவது ஆர்டரை ரத்து செய்வதோ பொருளைத் திருப்பி அனுப்புவதோதானே தவிர, வங்கியில் முறையிடுவதல்ல. முறையிட்டால், கடை இரண்டு ரசீதுகளையும் வங்கிக்கு அனுப்பிவிடும்; வாடிக்கையாளரின் பக்கம் அதோடு தோற்றுவிடும்.

உண்மையான இரட்டிப்புதான் என்று தெரிந்தபின், முதலில் கடையை அணுகுவதே பெரும்பாலும் விரைவான வழி. சொல்ல வேண்டியவை சிலவே: ஆர்டர் எண், இரண்டு வரிகளின் தேதிகள், தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள். முழுக் கார்டு எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. தொலைபேசியில் பேசினாலும், அதன் சாரத்தை மின்னஞ்சலாகவும் அனுப்பிவிட வேண்டும்; பிற்பாடு வங்கி ‘கடையிடம் கேட்டீர்களா?’ என்று வினவும்போது காட்டுவதற்கு அதுவே ஆதாரம். ‘பணத்தைத் திருப்பிவிட்டோம்’ என்று கடை சொன்னால், அந்த ரீஃபண்டுக்குரிய ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. அதைக் கொண்டு வங்கியால் பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும். வெறும் வாய்மொழி உறுதியைக் கொண்டு முடியாது.

கடை மறுத்தாலோ, குறித்த தேதிக்குள் பதிலே தராவிட்டாலோ வங்கிக்குச் செல்லலாம். அங்கே நேரும் பிழை, என் கணிப்பில், எல்லாவற்றிலும் விலை கூடியது. புகார்ப் படிவத்தில் ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்ற காரணம் கண்ணில் பட்டதும் அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். அது மோசடிக்கான காரணம். வங்கி கார்டை முடக்கிப் புதியது அனுப்பும்; கடையோ, அதே முகவரிக்குப் பொருள் போனதையும் முதல் வரி உங்களுடையதே என்பதையும் காட்டி எளிதாக மறுத்துவிடும். ‘ஒரே பரிவர்த்தனைக்கு இருமுறை பிடிக்கப்பட்டது’ என்ற காரணத்தைத் தேர்ந்து, இரண்டு வரிகளில் எது செல்லும், எது செல்லாது என்பதையும் குறிப்பிட்டு, ஒரே ஆர்டருக்கான ரசீதை இணைப்பதே சரி.

கடை ரீஃபண்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கும்போதே வங்கியிலும் முறையிடுவதும் வேண்டாத வேலை. பணம் இருவழியிலும் வந்தால், வங்கி தற்காலிகமாக வரவு வைத்த தொகையைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும். எதிர்பாராத அந்தப் பற்று வரியே புதிய குழப்பமாகிவிடும். முறையிட்ட பின் ரீஃபண்ட் வந்துவிட்டால் வங்கிக்குத் தெரிவித்து முறையீட்டை மூடச் சொல்ல வேண்டும்.

அதற்காகக் கடையின் பதிலுக்கு முடிவின்றிக் காத்திருக்கவும் கூடாது. விசா கார்டு நிறுவனத்தின் விதிகளின்படி, இரட்டைப் பிடித்தத்துக்கு எதிராக வங்கி நடவடிக்கை எடுப்பதற்கான காலம், பரிவர்த்தனை செயலாக்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள். வங்கி தன் வாடிக்கையாளருக்கு வைக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கலாம். கடைக்கு எழுதும் நாளிலேயே வங்கியின் கெடுவையும் விசாரித்து, அதற்குப் பல நாட்கள் முன்னதாகவே கடைக்கான கடைசித் தேதியை அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டுவிடலாம்.