செம்டெக்ஸை வைத்து ஒரு பங்கின் பீட்டாவைக் கணக்கிடுவது எப்படி?

மொரீஷியஸ் பங்குச்சந்தைக் குறியீடான செம்டெக்ஸ் ஒரு சதவீதம் ஏறும்போது உங்கள் பங்கு சராசரியாக எவ்வளவு ஏறுகிறது? அந்த எண்தான் பீட்டா. எக்செல் இருந்தால் போதும்.

முதலில் மாத லாப சதவீதம். இந்த மாதக் கடைசி விலையைப் போன மாதக் கடைசி விலையால் வகுத்து, 1 கழித்து, நூறால் பெருக்குங்கள். பங்குக்கும் குறியீட்டுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு வரிசைக்கும் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் ரிக்ரெஷன்; விலையை அப்படியே அதில் போடாதீர்கள். சேர்ந்தாற்போல் ஏறும் எந்த இரண்டு வரிசையும் சொந்தபந்தம் போலத்தான் தெரியும்.

பழகுவதற்காக நானே போட்ட ஐந்து மாத எண்கள் இவை. B சந்தை, C பங்கு:

```
     B      C
2    1     1.5
3   -2    -1
4    3     2
5    0     1
6    3     1.5

=SLOPE(C2:C6,B2:B6)
=INTERCEPT(C2:C6,B2:B6)
=LINEST(C2:C6,B2:B6,TRUE,TRUE)
```

சாய்வு 0.5, வெட்டு 0.5 என்று வரும். பங்கின் வரிசைதான் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சாய்வு 1.64 ஆகிவிடும், எக்செல் ஒரு வார்த்தை சொல்லாது.

சாய்வு 0.5 என்றால் சந்தை 1% ஏறும்போது பங்கு சராசரியாக அரை சதவீதம் ஏறுகிறது, இறங்கும்போதும் அப்படியே. வெட்டு என்பது சந்தை அசையாத மாதத்தில் கோடு காட்டும் லாபம். மாதம் 0.5% சும்மா கிடைக்கிறதே என்று துள்ள வேண்டாம். அரசின் குறுகியகாலக் கடன் பத்திரமான டிரெஷரி பில் மாதம் 0.25% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பீட்டா 0.5 உள்ள பங்குக்கு அதில் பாதி, அதாவது 0.125, வெட்டில் இயல்பாகவே வந்து சேரும். இரண்டு வரிசையிலிருந்தும் 0.25ஐக் கழித்துவிட்டு ஓட்டினால் வெட்டு 0.375 ஆகக் குறையும், சாய்வு மாறாது.

அப்புறம், கழித்த வரிசைகளில் LINEST தரும் இரண்டாவது வரியைப் பாருங்கள். அங்கே வெட்டின் திட்டப் பிழை, அதாவது அந்த எண் எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு, 0.28. ஐந்தே மாதம் வைத்துக்கொண்டு 0.375ஐப் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கமாக 60 மாதம் எடுப்பார்கள்.

மாதக் கணக்கைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்ட் லூயியில் பல சிறிய பங்குகள் சில நாள் கைமாறுவதே இல்லை. சந்தை அசைந்த நாளிலும் பழைய விலையே நிற்கும். பங்கு நாலு நாள் கழித்து நகரும். தினக் கணக்கு அந்தத் தாமத அசைவைத் தவறவிடுவதால் பீட்டா குறைந்து, பங்கு சாதுவாகத் தெரியும். C வரிசையில் பூஜ்யங்கள் குவிந்திருந்தால் இதுதான் சங்கதி. மாதக் கணக்கிலும் சந்தேகம் இருந்தால், சந்தையின் முந்தைய மாத லாபத்தை இன்னொரு வரிசையாகச் சேர்த்து LINEST ஓட்டுங்கள். வரும் இரண்டு சாய்வுகளையும் கூட்டினால் உண்மைக்கு நெருங்கிய பீட்டா கிடைக்கும்.